பெட்டியில் ஒரே பெயர், உள்ளே வேறு கார்டு: ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கும் முன்

"அண்ணா, நான் காட்பாடியில இருக்கேன். ரெண்டு கடையில ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு விலை கேட்டேன். ஒரு கடையில நாலாயிரம் ரூபா கம்மி. ரெண்டும் ஒரே கார்டுதானே, கம்மியா இருக்கறதையே வாங்கலாமா? ஆன்லைன்ல ஆர்எக்ஸ் 580 8ஜிபி அதை விடவும் கம்மியா காட்டுது. என்கிட்ட இருக்கறது செகண்ட் ஹாண்ட்ல வாங்கின ஆபீஸ் கம்ப்யூட்டர், பவர் சப்ளை 240 வாட்னு எழுதியிருக்கு."

தம்பி, ஒரே கார்டு இல்லை. விலை குறைவாகச் சொன்ன கடையில் பெரும்பாலும் 6ஜிபி கார்டைச் சொல்லியிருப்பார்கள், மற்ற கடையில் 8ஜிபியை. இரண்டு பெட்டியிலும் பெரிய எழுத்தில் ஆர்டிஎக்ஸ் 3050 என்றுதான் இருக்கும். மெமரியில் 2ஜிபி குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் சிப்பின் வலுவே வேறு. ஆன்லைனில் பார்த்த ஆர்எக்ஸ் 580ம் அந்தப் பெயருக்குரிய கார்டாக இல்லாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. சத்துவாச்சாரியில் நான் பல வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். ஒரே பெயரில் இரண்டு கார்டு என்ற இந்தக் குழப்பத்தோடு மாதம் ஒருவராவது வருவார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். என்விடியா கம்பெனியின் 3050 என்பதில் முதல் இரண்டு இலக்கம், அதாவது 30, தலைமுறை. கடைசி இரண்டு இலக்கம், அதாவது 50, அந்தத் தலைமுறைக்குள் அது நிற்கும் படி. 50 கீழ்ப்படி, 60 அதற்கு மேல், 70, 80 என்று ஏறும். பின்னால் டிஐ, சூப்பர் என்று ஒட்டியிருந்தால் அதே படியில் கொஞ்சம் மேலே. போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கம் ஆர்எக்ஸ் 6600 என்றால் 6 தலைமுறை, 600 படி, பின்னால் எக்ஸ்டி வந்தால் அரைப்படி மேலே. கம்பெனிக்காரர்கள் கூடவே சேர்க்கும் டூயல், கேமிங் போன்ற சொற்கள் ஃபேனையும் வெளித்தோற்றத்தையும் பற்றியவை. ஓசி என்றால் தொழிற்சாலையிலேயே வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

பெயர் சொல்லாத விஷயங்கள்தான் நமக்கு முக்கியம். உள்ளே கணக்குப் போடும் கோர் எத்தனை, மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே பாதை எவ்வளவு அகலம், மெமரி எந்த வகை என்ற மூன்றில் ஒன்றுகூடப் பெயரில் இல்லை. இந்த மூன்றையும் மாற்றிவிட்டு அதே பெயரிலேயே விற்க முடியும், விற்றும் இருக்கிறார்கள்.

இதில் பாதை அகலம் என்பதை முதலில் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம்ம ஊரில் மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்போம். தொட்டி ஆயிரம் லிட்டரா, இரண்டாயிரம் லிட்டரா என்பது ஒன்று, கீழே இறங்கும் குழாய் அரை அங்குலமா, ஒரு அங்குலமா என்பது வேறொன்று. தொட்டி பெரிதாக இருந்து குழாய் மெலிதாக இருந்தால் பக்கெட் நிறைய நேரம் பிடிக்கும். கார்டில் 4ஜிபி, 8ஜிபி என்பது தொட்டி. பிட் கணக்கில் சொல்லும் பாதை அகலமும் மெமரி வேகமும் சேர்ந்ததுதான் குழாய். கடையில் தொட்டியை மட்டும்தான் சொல்வார்கள்.

குழாய் வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு போகும் என்பதை நாமே கணக்குப் போடலாம். பாதை அகலத்தை எட்டால் வகுத்து மெமரி வேகத்தால் பெருக்கினால் போதும். 3050 8ஜிபி கார்டில் பாதை 128 பிட், மெமரி வேகம் 14 ஜிபிபிஎஸ். 128ஐ எட்டால் வகுத்தால் 16, அதை 14ஆல் பெருக்கினால் நொடிக்கு 224ஜிபி. 6ஜிபி கார்டில் மெமரி வேகம் அதே 14தான், ஆனால் பாதை 96 பிட். 96ஐ எட்டால் வகுத்தால் 12, பதினாலால் பெருக்கினால் 168. சரியாகக் கால்வாசி குறைந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. 2022 ஜனவரியில் வந்த 8ஜிபி கார்டில் 2560 கோர் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த 6ஜிபி கார்டில் 2304 கோர், பத்தில் ஒரு பங்கு குறைவு. அப்புறம் பூஸ்ட் வேகம். முதலாவதில் 1777 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவதில் 1470. கோரும் குறைவு, ஒவ்வொரு கோரும் ஓடும் வேகமும் குறைவு, குழாயும் மெலிவு. மூன்றும் சேர்ந்து இறங்கும்போது அது வேறு கார்டு என்றுதான் சொல்ல வேண்டும். 3040 என்றோ வேறு எப்படியோ பெயர் வைத்திருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. தலைமுறையும் படியும் சொல்லவேண்டிய இடத்தில் ஜிபி எண்ணை மட்டும் மாற்றி வைத்ததை நான் சரி என்று ஏற்கவே மாட்டேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த 6ஜிபி கார்டுக்கு 70 வாட் போதும். 8ஜிபி கார்டுக்கு 130 வாட் வேண்டும். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டே அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும் என்பதால், 6ஜிபி மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு பவர் சப்ளையில் இருந்து தனி ஒயர் தேவையில்லை. 8ஜிபி கார்டுக்கு அந்த ஒயர் வேண்டும். உங்கள் கேள்வியில் 240 வாட் என்று எழுதியிருப்பதால்தான் இது முக்கியமாகிறது. கடைசியில் இந்த இடத்துக்கே திரும்பி வருகிறேன்.

8ஜிபியிலேயே இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதலில் GA106 என்ற சிப்பில் வந்த 3050 8ஜிபி, பிறகு GA107 என்ற சிறிய சிப்பிலும் வந்தது. அதிலும் கோர் 2560தான், பாதை 128 பிட்தான், மின்சாரம் மட்டும் 115 வாட்டாகக் குறைந்தது. ஆகவே சிப் பெயர் மாறியதைப் பார்த்ததும் ஏமாற்று வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். கோரும் பாதையும் மாறாத வரை வாங்குபவருக்கு நஷ்டம் இல்லை, அந்த மாடலில் சூடும் குறைவு. வேலூர் மே மாத வெயிலில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல விஷயமும்கூட.

ஜிபி எண் மாறினால் சிப்பும் மாறியே இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8ஜிபியிலும் வருகிறது, 16ஜிபியிலும் வருகிறது. இரண்டிலும் கோர் 4352தான், தொட்டி மட்டும்தான் வேறு. ஆனால் 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இல் 6ஜிபிக்கு 1280 கோர், 3ஜிபிக்கு 1152 கோர். பெட்டியைப் பார்த்து இந்த வித்தியாசத்தை ஊகிக்கவே முடியாது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16ஜிபி, 12ஜிபி என்று இரண்டு அறிவித்தார்கள். முதலாவதில் 9728 கோர், இரண்டாவதில் 7680. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து, விற்பனைக்கு வரும் முன்பே அக்டோபரில் 12ஜிபியைத் திரும்பப் பெற்றார்கள். அதே கார்டு 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. வாங்குபவர்கள் கேள்வி கேட்டதால் பெயர் மாறிய அபூர்வமான சம்பவம் அது. 3050 விஷயத்தில் யாரும் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. விலை குறைந்த கார்டை வாங்குபவர்களின் குரல் அவ்வளவு தூரம் போவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மெமரி வகை மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் வீட்டுக்கே அடி விழுந்தது. குடியாத்தத்தில் இருக்கும் அக்கா பையன் 2019இல் ஜிடி 1030 வாங்க ஆசைப்பட்டான். நான் சொன்ன மாடல்தான், 2ஜிபி. அவன் அப்பாவோடு போய் ஒரு கடையில் வாங்கி வந்துவிட்டான். ஒரு வாரம் கழித்து, "மாமா, நீங்க சொன்ன மாதிரி ஓடலையே, திணறுது" என்று போன் செய்தான். டிரைவரை மாற்றச் சொன்னேன், விண்டோஸை மறுபடி போடச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவனிடம் இருந்தது டிடிஆர்4 மெமரி போட்ட 1030.

2017இல் வந்த 1030இல் ஜிடிடிஆர்5 மெமரி. பாதை 64 பிட், வேகம் 6 ஜிபிபிஎஸ். 64ஐ எட்டால் வகுத்தால் 8, ஆறால் பெருக்கினால் 48ஜிபி. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. பாதை அதே 64 பிட், ஆனால் வேகம் 2.1தான். எட்டை 2.1ஆல் பெருக்கினால் 16.8. கோர் எண்ணிக்கை இரண்டிலும் 384, தொட்டி இரண்டிலும் 2ஜிபி, குழாய் மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பல விளையாட்டுகளில் ஓட்டமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். பில்லில் ஜிடி 1030 2ஜிபி என்று இருக்கிறது, அதைத்தானே கொடுத்தேன் என்றார். பில்லைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான், மாற்றித் தரும்படி கேட்க எங்களுக்கு வழியில்லை. அன்றிலிருந்து யாருக்கு கார்டு வாங்கினாலும் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பார்ட் நம்பர் பில்லில் ஏற வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்கிறேன். 1030 பெட்டிகளில் பார்ட் நம்பருக்குள் பெரும்பாலும் D4 அல்லது D5 என்று இருக்கும். மொத்த வித்தியாசமும் அந்த ஒற்றை எழுத்தில்தான் இருந்தது.

இதைவிட மோசமான உதாரணம் ஜிடி 730. 2014இல் ஒரே பெயரில் மூன்று கார்டு வந்தது. ஒன்று 96 கோர் மட்டுமே உள்ள பழைய தலைமுறைச் சிப். மற்ற இரண்டும் 384 கோர் சிப், ஒன்றில் டிடிஆர்3, இன்னொன்றில் ஜிடிடிஆர்5. 96 கோர் கார்டுக்கு 2018இலேயே டிரைவர் நின்றுவிட்டது, 384 கோர் கார்டுக்கு 2021இல் 470 வரிசையோடு புது டிரைவர் நின்றது. பெயர் ஒன்றாக இருந்தும் ஆயுள் வேறு. செகண்ட் ஹாண்டில் இன்றும் "4ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று இதைக் காட்டுவார்கள். டிடிஆர்3 போட்ட 384 கோர் 730இன் குழாய் நொடிக்கு 14.4ஜிபிதான். அதற்கு மேலே 4ஜிபி தொட்டி வைத்து ஒரு பயனும் இல்லை. மானிட்டரில் படம் வந்தால் போதும் என்பவர்கள் வாங்கலாம், விளையாட நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட ஆர்எக்ஸ் 580. இதில் நடந்தது நான் முன்னே சொன்னதற்குத் தலைகீழ். 3050இல் ஒரே பெயருக்குள் வேறு வேறு கார்டு, இங்கே ஒரே கார்டுக்கு வேறு வேறு பெயர்.

2016 ஆகஸ்டில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 470ஐக் கொண்டு வந்தது, கோர் 2048. 2017 ஏப்ரலில் அதே வடிவமைப்பின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி ஆர்எக்ஸ் 570 என்று பெயர் வைத்தார்கள், கோர் அதே 2048. 470இன் பூஸ்ட் 1206 மெகாஹெர்ட்ஸ், 570இன் பூஸ்ட் 1244. மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், ஆனால் தலைமுறை எண் மட்டும் ஒன்று ஏறிவிட்டது. அதே 2017இல் வந்த உண்மையான ஆர்எக்ஸ் 580இல் 2304 கோர். 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று 2048 கோர் கொண்ட ஒரு கார்டு ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே வந்தது. அதாவது 570ஐ எடுத்து 580 என்ற சட்டையைப் போட்டுவிட்டார்கள். ஆர்எக்ஸ் 580 2048SP என்று தேடினால் கிடைப்பது இதுதான். சீனாவுக்கு என்று வந்தது பிறகு மற்ற நாடுகளின் ஆன்லைன் கடைகளிலும் பரவிவிட்டது. தலைப்பில் ஆர்எக்ஸ் 580 8ஜிபி என்று மட்டும் இருக்கும், 2048SP என்ற எழுத்து கீழே விவரப் பட்டியலில் எங்காவது ஒளிந்திருக்கும், சில இடங்களில் அதுவும் இருக்காது.

கேள்விப்படாத பிராண்டில், 2017 கார்டு ஒன்று புத்தம் புதிதாக, வழக்கமான விலையை விட ரொம்பக் குறைவாக இருந்தால் 2048 கோர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்டோ நாணயம் எடுக்க இரவு பகலாக ஓடிய சிப்பைக் கழற்றிப் புதுப் பலகையில் ஒட்டி விற்பதும் இந்தக் கார்டில் உண்டு. வெளியில் புதிதாக மினுமினுக்கும், சிப் பல வருடம் உழைத்திருக்கும். அதோடு, இந்தச் சிப் குடும்பத்தை ஏஎம்டி 2023 கடைசியிலேயே வழக்கமான டிரைவர் வரிசையில் இருந்து பிரித்துத் தனியாக வைத்துவிட்டது. அவசியமான திருத்தம் வரும், புது விளையாட்டுக்கான மேம்பாட்டை எதிர்பார்க்க முடியாது. பெயர் மாற்றிய கார்டில் நாம் இழக்கும் பெரிய விஷயம் இந்த ஆயுள்தான். பெயர் 2018ஆக இருந்தாலும் சிப்பின் வயது 2016இல் இருந்தே எண்ணப்படும்.

பெயர் மாற்றிய கார்டே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 570இன் விலைக்கு 570 என்று தெரிந்தே வாங்கினால் அதில் தவறு ஒன்றும் இல்லை. 580இன் விலைக்கு 570ஐ வாங்குவதுதான் இழப்பு.

சரி, கடையில் நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? சீல் உடைக்காத பெட்டி என்றால் பெயரைப் பார்க்காதீர்கள், பெட்டியின் ஓரத்தில் பார்கோடு பக்கத்தில் இருக்கும் பார்ட் நம்பரைப் பாருங்கள். அதை அப்படியே போனில் டைப் செய்து, தயாரித்த கம்பெனியின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பாதை அகலம் மூன்றையும் படியுங்கள். கடையில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலையோ ஆன்லைன் கடைத் தலைப்பையோ இதற்கு நம்ப வேண்டாம், அவை கையால் எழுதுவது, தவறும். பெட்டியின் பின்புறத்தில் 96-bit, 128-bit என்று சிறிய எழுத்தில் இருந்தால் அதுவே போதும். 3050 என்றால் 96ஆ 128ஆ என்ற ஒரே கேள்வியில் 6ஜிபியா 8ஜிபியா என்பது முடிந்துவிடும்.

செகண்ட் ஹாண்ட் என்றால் ஓடும் கம்ப்யூட்டரில் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. GPU-Z என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது, பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். திறந்ததும் ஒரே பக்கத்தில் எல்லாம் தெரியும். Name என்ற இடத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் Shaders என்ற இடத்தில் கோர் எண்ணிக்கை, அப்புறம் Memory Type, அப்புறம் Bus Width. உண்மையான ஆர்எக்ஸ் 580 என்றால் Shaders இடத்தில் 2304 இருக்க வேண்டும். 2048 என்று இருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் அது 570 ரகம்தான். Device ID என்ற இடமும் உதவும், 2048SP கார்டில் அங்கே 6FDF என்று வரும், உண்மையான 580இல் 67DF வரும். ஆனால் 570க்கும் 67DFதான், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கோர் எண்ணிக்கையோடு சேர்த்தே பாருங்கள்.

பெயரின் முன்னால் [FAKE] என்று காட்டினால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். ஜிடிஎஸ் 450 போன்ற 2010 காலத்துக் கார்டின் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கும்பல் இருந்தது. விண்டோஸும் அதை 1050 டிஐ என்றே காட்டிவிடும். அதைப் பிடிப்பதற்காகவே 2018இல் இந்த எச்சரிக்கையை GPU-Zஇல் சேர்த்தார்கள்.

என்விடியா கார்டில் டிரைவர் போட்டிருந்தால், எந்தப் புரோகிராமும் இல்லாமல் கமாண்ட் பிராம்ப்டில் இதை டைப் செய்தும் பார்க்கலாம்:

```
nvidia-smi --query-gpu=name,memory.total,power.limit --format=csv
```

3050இல் பெயர் இரண்டுக்கும் ஒரே மாதிரி வரலாம், அதனால் பின்னால் வரும் மெமரியையும் வாட்டையும் பாருங்கள். 6ஜிபி கார்டில் மெமரி 6144 MiB ஒட்டியும், மின் வரம்பு 70 வாட் ஒட்டியும் இருக்கும். 8ஜிபி கார்டில் 8192 MiB, 115 அல்லது 130 வாட். வாட் இடத்தில் N/A என்று வந்தால் பயப்பட வேண்டாம், சில கார்டுகள் அதைக் காட்டாது, மெமரியை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

லேப்டாப் வாங்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வரி: லேப்டாப்பில் இருக்கும் எண்ணும் டெஸ்க்டாப் எண்ணும் ஒன்றல்ல. டெஸ்க்டாப் 4070இல் 5888 கோர், 12ஜிபி. லேப்டாப் 4070இல் 4608 கோர், 8ஜிபி. இரண்டையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடியாது.

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். 240 வாட் பவர் சப்ளை, அதுவும் ஆபீஸ் மாடல் என்றால் கார்டுக்குத் தனியாகச் செருகும் ஒயர் அதில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பவர் சப்ளையை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் பல ஆபீஸ் மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பே அந்தக் கம்பெனிக்கென்று தனி வடிவம், சந்தையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதில் பொருந்தாது. எனவே 8ஜிபி 3050ம் வேண்டாம், 185 வாட் கேட்கும் ஆர்எக்ஸ் 580ம் வேண்டாம், 150 வாட் கேட்கும் 2048SPயும் வேண்டாம். ஒயர் தேவைப்படாத 6ஜிபி 3050தான் உங்கள் பெட்டிக்குப் பொருந்தும். நாலாயிரம் குறைவாகச் சொன்ன கடை உங்களுக்குச் சரியான கார்டைத்தான் சொல்லியிருக்கிறது, அது 8ஜிபி கார்டின் வேலையைச் செய்யும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, பெட்டி மெலிந்த ரகமா? அப்படியென்றால் லோ புரொஃபைல் 3050 கேட்க வேண்டும், அதோடு வரும் குட்டையான தகடு பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முழு உயரக் கார்டு உள்ளே நுழையவே நுழையாது. இரண்டாவது, சில சிறிய ஆபீஸ் பெட்டிகளில் ஸ்லாட் முழு 75 வாட்டையும் தராது. உங்கள் மாடல் நம்பரைப் போட்டு அதன் மேனுவலை டவுன்லோட் செய்து, ஸ்லாட்டுக்கு எத்தனை வாட் என்று படியுங்கள். 75 என்று இருந்தால் தாராளமாக வாங்கலாம். 6ஜிபி மாடல்களிலும் சிலவற்றில் தனி மின் ஒயர் செருகும் இடம் வைத்திருக்கிறார்கள், அதைத் தவிர்த்து ஒயர் இல்லாத மாடலாகக் கேளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை நாம் இருக்கும் இடம் வசதியானது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், இன்னொரு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஆனால் ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்த அங்கே போய் வாங்கினால் வாரண்டிக்கு மறுபடி அங்கேயே அலைய வேண்டி வரலாம். ஆயிரம், ஆயிரத்தைநூறு வரை வித்தியாசம் என்றால் நான் உள்ளூரிலேயே வாங்கச் சொல்வேன். எங்கே வாங்கினாலும் பில்லில் "ஆர்டிஎக்ஸ் 3050" என்று மட்டும் எழுத விடாதீர்கள், 6ஜிபி, பார்ட் நம்பர், சீரியல் நம்பர் மூன்றும் இருக்கட்டும். வீட்டில் மாட்டிய அன்றே GPU-Zஐத் திறந்து Shaders 2304, Bus Width 96 bit என்று இருக்கிறதா பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எண் வேறாக இருந்தால் பெட்டியையும் ஸ்டிக்கரையும் கிழிக்காமல் மறுநாளே கடைக்கு எடுத்துப் போங்கள்.